30 சொற்களை வைத்து என் அம்மாவின் மொழியை அளக்காதீர்கள்

இந்திய சைகை மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்பின் மாணவர் தேர்வுக் குழுவினருக்கு,

நீங்கள் அனுப்பிய சேர்க்கைக் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. திறன் தேர்வில் நான் எடுத்தது 30க்கு 17. தகுதி பெற 20 வேண்டும். அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பெற்றோர் இருவரும் செவித்திறன் குறையுடையோர் என்பதால் மதிப்பெண் தளர்த்தப்பட்டு இடம் தரப்படுகிறது. கூடவே முதல் பருவத்தின் சைகை மொழி வகுப்பிலிருந்தும், தொழில் நெறி வகுப்பிலிருந்தும் எனக்கு விலக்கு.

இடம் கிடைத்ததே, பேசாமல் போய்ச் சேர்ந்துவிடு என்கிறார்கள் வீட்டுக்கு வருகிறவர்கள். என்னால் முடியவில்லை. எனக்கு உண்மையிலேயே சைகை போதாது என்றால் நீங்கள் இடம் தந்திருக்கக் கூடாது. நாளைக்கு ஆஸ்பத்திரியிலோ கோர்ட்டிலோ யாரோ ஒருவருடைய பேச்சை நான் மாற்றிச் சொல்லப் போகிறேன். என் அப்பா அம்மாவுக்குக் காது கேட்காது என்பது அவருக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. சைகை போதும் என்றால் உங்கள் தேர்வு அதைப் பார்க்கத் தவறிவிட்டது. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். இரண்டாவதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். ஏன் என்று எழுதுகிறேன்.

அன்று அறையில் நீங்கள் மூன்று பேர் இருந்தீர்கள். மூவருக்கும் காது கேட்கும். ஒருவர் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை காட்ட வேண்டும். இன்னொருவர் கைப்பேசியில் இருந்த அகராதிக் காணொளியோடு ஒப்பிட்டு டிக் போட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ வந்த சொல் ‘ஓடு’. நான் “என்ன ஓடுகிறது?” என்று கேட்டேன். “ஓடு, அவ்வளவுதான்” என்றீர்கள். நான் தயங்கினேன். தயங்கியதற்கு மதிப்பெண் போனது.

ஆள் ஓடுவதும், குழாயில் தண்ணீர் ஓடுவதும், தியேட்டரில் படம் ஓடுவதும், பையன் வீட்டைவிட்டு ஓடிப்போவதும் தமிழில் ஒரே சொல்லாக இருக்கலாம். சைகையில் நான்கும் வேறு வேறு. கூரை ஓடு என்றால் அது ஐந்தாவது. ‘கொடு’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான். யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்துக் கை நகரும் திசை மாறும். டம்ளரைக் கொடுக்கிறாரா நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கிறாரா என்பதைப் பொறுத்துக் கையின் வடிவமும் மாறலாம். எங்கள் வீட்டில் யாராவது என்னிடம் வெறும் ‘கொடு’ என்று சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. ஆள் இல்லாமல், பொருள் இல்லாமல், திசை இல்லாமல் அந்தச் சொல் கைக்கு வராது. அன்று நான் கேட்ட கேள்வி தெரியாமல் கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

கிழமைகளிலும் மாதங்களிலும் எனக்கு மதிப்பெண் போனது. நான் காட்டியது பாளையங்கோட்டைச் சைகை. என் அப்பாவும் அம்மாவும் அங்கே உள்ள காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண் தொடங்கிய பள்ளி அது. வகுப்பறைக்குள் என்ன சொல்லிக்கொடுத்தாலும், விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சைகைகள் கைமாறிக்கொண்டே வரும். நம் நாட்டில் ஊருக்கு ஊர் சைகை வேறுபடுவதற்கு இப்படிப்பட்ட விடுதிகள் பெரிய காரணம். கிழமை, மாதம், நிறம், எண் போன்றவற்றில்தான் இந்த வேறுபாடு சட்டென்று தெரியும். இலக்கணத்தில் அவ்வளவு தெரியாது. ‘என்ன’, ‘எங்கே’ போன்ற கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும், ‘இல்லை’ வினைக்குப் பின்னால் வருவதும் சென்னைக்காரரிடமும் டெல்லிக்காரரிடமும் ஒன்றுதான்.

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. அதை நான் தினமும் பார்க்கிறேன். வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது உதவியாக இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து டிக் போடுகிறவருக்கு எதிரே இருப்பவர் தவறாகச் சொல்கிறாரா, வேறு ஊர் வழக்கில் சொல்கிறாரா என்று தெரியாவிட்டால், நெல்லைத் தமிழ் பேசியதற்காகத் தமிழ்த் தேர்வில் பெயில் போட்டது போல ஆகிவிடும். காது கேளாதவர் ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார், “இது திருநெல்வேலிப் பக்கம்” என்று.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் போன தம்பி ஒருவருக்கு 28. அகராதிக் காணொளிகளைப் பார்த்து மூன்று மாதம் ராத்திரி பகலாகப் பழகியிருக்கிறார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். வாசலில் நின்றிருந்த என் அப்பா அவரிடம் கேட்டார்: ‘பஸ் ஸ்டாண்டுக்கு இங்கிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ சாதாரண வேகம்தான். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பக் கேட்டார், திரும்பவும் புரியவில்லை. முகம் சிவந்து என்னைப் பார்த்தார். அவர்மேல் தவறே இல்லை. அவர் கை பேசுமா என்றுதான் நீங்கள் பார்த்தீர்கள். கண் கேட்குமா என்று அவரிடமும் பார்க்கவில்லை, என்னிடமும் பார்க்கவில்லை.

சைகையிலிருந்து குரலுக்கு மாற்றுவதுதான் இந்தத் தொழிலில் கடினமான பாதி. பலரும் தடுமாறுவது அங்கேதான். கையால் சொல்லும்போது எனக்குத் தெரிந்த சைகையை நான் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பார்த்துச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் எந்தச் சைகையை எடுப்பார் என்பது என் கையில் இல்லை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆஜரானார். அங்கே அவர் சொல்ல நினைத்தது நீதிபதிகளின் காதுக்குப் போனது மொழிபெயர்ப்பாளரின் குரல் வழியாகத்தான். அந்தக் குரலில் ஒரு சொல் குறைந்தால் வழக்கறிஞரின் வாதத்தில் ஒரு சொல் குறைந்தது போல.

என் அப்பாவுக்கு நடந்ததை உதாரணமாகச் சொல்கிறேன். நான் கல்லூரி விடுதியில் இருந்த சமயம். அப்பா தையல் கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் வரும்போது ஆட்டோ ஒன்று இடித்துவிட்டது. காவல் நிலையத்தில் வாக்குமூலம் வாங்க, சைகை தெரியும் என்று யாரோ கைகாட்டிய ஒருவரை அழைத்து வந்தார்கள். அப்பா ஐந்து நிமிடம் சொன்னார். வந்தவர் சொன்னது ஒரே வரி: “சைக்கிள்ல வந்தாராம், ஆட்டோ இடிச்சுருச்சாம், விழுந்துட்டாராம்.”

மறுநாள் நான் ஊருக்குப் போனதும் அப்பா அதையே எனக்குச் சொன்னார். முதலில் தன் முன்னால் சாலையை வரைந்தார். முச்சந்தி, மூலையில் டிரான்ஸ்ஃபார்மர், எதிரே டீக்கடை. ஒவ்வொன்றையும் காற்றில் ஓர் இடத்தில் வைத்தார். வைத்த பிறகு அந்த இடம் கடைசிவரை அந்தப் பொருளுக்குத்தான் சொந்தம். பிறகு வலது கை சைக்கிள் ஆனது, இடது கை ஆட்டோ ஆனது. சைக்கிள் மெதுவாக நேரே போகிறது. ஆட்டோ இடப்பக்கச் சந்திலிருந்து வருகிறது. அடுத்த நொடி அப்பாவின் உடம்பு கொஞ்சம் திரும்பியது. இப்போது அவர் அப்பா இல்லை, ஆட்டோக்காரர். ஒரு கை ஹேண்டில்பாரில், தலை குனிந்து மடியைப் பார்க்கிறது, கட்டைவிரல் எதையோ தள்ளுகிறது. மறுபடி உடம்பு திரும்பியது, இப்போது அப்பா. கண் அகலமாகிறது, பிரேக்கைப் பிடிக்கிறார், முடியவில்லை. கைகள் இரண்டும் மோதின.

இதைத் தமிழில் சொல்வதானால் இப்படி வர வேண்டும்: “நான் நேரே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இடப்பக்கச் சந்திலிருந்து ஆட்டோ வேகம் குறைக்காமல் வந்தது. ஓட்டியவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரேக் பிடித்தேன், நிற்கவில்லை.” இதில் போன் என்ற சைகையே அப்பா போடவில்லை என்பதைக் கவனியுங்கள். குனிந்த தலையிலும் கட்டைவிரலிலும் அது இருந்தது. சொற்களை மட்டும் தேடியவருக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் கட்டைவிரலை வைத்து ‘போன்’ என்று நானே முடிவுகட்டிவிடவும் கூடாது. “மடியில் இருந்தது என்ன?” என்று அப்பாவிடம் கேட்டு உறுதி செய்த பிறகே சொல்ல வேண்டும். நான் கேட்டேன். போன்தான்.

இன்னொன்று, இடமும் வலமும். அப்பாவின் இடப்பக்கம், எதிரே உட்கார்ந்திருக்கும் என் கண்ணுக்கு வலப்பக்கம். சைகையில் இடம் வலம் பொதுவாகச் சொல்கிறவரின் பார்வையிலிருந்துதான். புதிதாக வருகிறவர்கள் தாங்கள் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லி, ஆட்டோவைச் சாலையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அன்று எழுதப்பட்ட காகிதத்தில் இடம் வலம் எதுவுமே இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது, அப்பாவுடையது.

வாய்ப்பேச்சால் சொல்ல முடியாத சாட்சியிடம் வாக்குமூலம் பதியும்போது மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ உதவ வேண்டும், அதை வீடியோவாகவும் எடுக்க வேண்டும் என்று பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 125ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்திலேயே 2013இல் வந்த ஏற்பாடுதான். ஆக, உங்களிடம் படித்து வெளியே வருகிறவர் செய்யும் தவறு பதிவாகி இருக்கும். அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் ஒரு நிமிடம்கூடச் சைகையிலிருந்து குரலுக்கு மாற்றும் பகுதி இல்லை.

இவ்வளவும் எழுதியதால், நான் எல்லாம் தெரிந்தவள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் விண்ணப்பத்தில் 300 சொற்களில் ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள், ஆங்கிலத்தில். தலைப்பு: ‘உங்கள் பெற்றோருக்கு நீங்கள் செய்த சேவையை விவரிக்கவும்’. நான் அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எனக்கு இந்தப் படிப்பு ஏன் தேவை என்பதற்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இதுதான்.

எனக்கு அப்போது 12 வயது. அம்மாவுக்கு மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தது. பீடி சுற்றுகிற வேலை, மடியில் சுளவோடு நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். எழுந்தால் கண்ணைக் கட்டும் என்பார். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார், அம்மாவைப் பார்க்கவில்லை. “கட்டி பெரிசா இருக்கு பாப்பா. கர்ப்பப்பையோட எடுத்துர்றதுதான் நல்லது. அம்மாட்ட சொல்லு.”

எனக்குக் கட்டி தெரியும். எடுப்பது தெரியும். கர்ப்பப்பை என்ற சொல்லை அதற்கு முன் கேட்டதுண்டா என்றுகூட நினைவில்லை. ஏதோ பை, கட்டி அந்தப் பைக்குள் இருக்கிறது, பையோடு எடுப்பார்கள் என்று புரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னேன்: ‘வயிற்றில் கட்டி. பெரிது. ஆபரேஷன், எடுப்பார்கள். சரியாகிவிடும்.’ கடைசிச் சைகையை டாக்டர் சொல்லவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து நானே சேர்த்தது. அம்மா தலையாட்டினார். டாக்டர், “புரிஞ்சுதாமா?” என்றார். நான் “புரிஞ்சுது” என்றேன். படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இரண்டு மாதம் கழித்து அம்மா என்னிடம் கேட்டார், ஏன் இன்னும் மாதவிலக்கு வரவில்லை என்று. மூன்றாவது மாதமும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஆச்சிதான் எங்களைக் கிராம நர்ஸம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். நர்ஸம்மா ஆங்கிலத்தில் இருந்த டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படித்துவிட்டு, ஒரு தாளில் படம் வரைந்தார். கர்ப்பப்பையை வரைந்து அதன் மேல் பெருக்கல் குறி போட்டார். அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு வயது 36. எனக்குத் தம்பியோ தங்கையோ வேண்டும் என்று அதற்கு முந்தின தீபாவளிக்குத்தான் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதைப் பார்த்திருந்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: ‘நீ சின்னப் பிள்ளை. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. தப்பு உன்னுடையது இல்லை.’ அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா என்னைக் கூட்டிப் போனதே இல்லை. அந்த நர்ஸம்மாவையோ, எழுதிக் காட்டும் ஒருவரையோ தேடிப் போவார்.

அன்று செய்திருக்க வேண்டியது என்ன என்பது இப்போது எனக்குத் தெரியும். முதலில், தெரியாத சொல் வந்தவுடன் நிறுத்தி, “கர்ப்பப்பை என்றால் எது? எடுத்த பிறகு உடம்பில் என்ன மாறும்?” என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். டாக்டர் ஒரே சொல்லில் முடித்ததைச் சைகையில் விரித்துத்தான் சொல்ல முடியும்: உறுப்பு எங்கே இருக்கிறது, என்ன வடிவம், கட்டி அதில் எங்கே, எது வெளியே வருகிறது, எது உள்ளே இருக்கும், இனி மாதவிலக்கு வராது, இனிக் குழந்தை உண்டாகாது. தமிழ் கேட்கிறவர்களுக்குக் கர்ப்பப்பை என்ற சொல்லுக்குள்ளேயே கர்ப்பம் இருக்கிறது. அம்மா பார்த்த கட்டி என்ற சைகைக்குள் அது இல்லை. அப்புறம், புரிந்ததா என்று கேட்கவே கூடாது. ஆமாம் என்று தலையாட்டுவது, காது கேட்பவர்கள் நடுவில் அவசரத்தோடு வாழ்ந்து பழகிய காது கேளாதவர் பலருக்கும் கைவந்த பழக்கம். “டாக்டர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் திரும்பச் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். அம்மா அன்று திரும்பச் சொல்லியிருந்தால் அதில் குழந்தை வந்திருக்காது. அப்போதே தெரிந்திருக்கும்.

‘சரியாகிவிடும்’ என்று நானாகச் சேர்த்தேனே, அதுவும் தவறுதான். அன்பில் செய்த தவறு. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து கோடா என்று சொல்லப்படும் எங்களைப் போன்ற பிள்ளைகள் பலரிடமும் இந்தப் பழக்கம் ஏதோ ஓர் அளவில் உண்டு. கல்யாண வீட்டில் உறவினர் அப்பாவை ‘ஊமையன்’ என்று சொன்னபோது, அவர் என்ன சொன்னார் என்று அப்பா என்னிடம் கேட்டதற்கு ‘ஒன்றுமில்லை, சாப்பாடு பற்றி’ என்று சொல்லியிருக்கிறேன். அது பாதுகாப்பு என்று நினைத்தேன். பதில் சொல்லும் உரிமையை அப்பாவிடமிருந்து நான்தான் பறித்தேன். காது கேளாதோர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான், ஒரு மூத்தவர் இதை என் முகத்துக்கு நேரே சொன்னார்: ‘நீ எனக்குக் காது. எனக்கு அம்மா இல்லை.’

அதனால்தான் நீங்கள் தந்த விலக்கு என்னைக் கவலைப்படுத்துகிறது. தொழில் நெறி வகுப்பிலிருந்து விலக்கிவைக்கப்பட வேண்டிய கடைசி ஆள் கோடா. எதையும் சேர்க்காமல், குறைக்காமல், மிரட்டலோ வசவோ வந்தாலும் அப்படியே மாற்றிச் சொல்வது எனக்குப் பிறப்பில் வந்ததில்லை, அதற்கு நேர் எதிரானதுதான் வந்தது. சைகை வகுப்பும் எனக்கு வேண்டும். எங்கள் வீட்டுச் சைகைகளில் பாதி எங்கள் மூவருக்குள் மட்டும் செல்லும். ரேஷன் கடைக்கு நாங்கள் காட்டும் சைகை, பல வருடத்துக்கு முன் அங்கே இருந்த எடைக்காரரின் மீசை. கேரளத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சங்கத்தில் வேகமாகப் பேசியபோது, நான் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டேன்.

சேவை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போன இரவுகளில் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அப்பா என் உள்ளங்கையைப் பிடித்து அதில் சைகை போட்டுக் கதை சொல்வார். எனக்கு மொழி கொடுத்தது அவர்கள். என் கன்னத்து மச்சத்தைத் தொட்டுக் காட்டும் என் சைகைப் பெயரை வைத்தது அப்பாவின் நண்பர்கள். அப்படி ஒரு பெயரைக் காது கேளாதவர்கள்தான் வைப்பார்கள், நாமே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. அந்தக் கட்டுரைத் தலைப்பு அவர்களைப் பெற்றுக்கொள்கிறவர்களாக மட்டும் பார்க்கிறது. அதை அப்பாவுக்குச் சைகையில் சொன்னேன், அப்படியே, குறைக்காமல். அவர் கேட்டார்: ‘இதை எழுதியவர்களில் காது கேளாதவர் எத்தனை பேர்?’

எனவே, குழுவினரிடம் நான் கேட்பவை இவை.

தளர்வில் தந்த இடத்தை நிறுத்திவைத்து, எனக்கு மறுதேர்வு நடத்துங்கள். 28 எடுத்த தம்பி உட்பட இந்த ஆண்டு விண்ணப்பித்த எல்லோருக்கும் அதே தேர்வை நடத்துங்கள். அதில் நான் தகுதி பெறாவிட்டால் அடுத்த ஆண்டு திரும்ப வருகிறேன்.

அந்தத் தேர்வில் சொற்பட்டியல் வேண்டாம். காது கேளாதவர் ஒருவர் மூன்று நிமிடம் நேரில் ஏதாவது நடந்த கதையைச் சொல்லட்டும், விண்ணப்பதாரர் அதைத் தமிழில் சொல்லட்டும். பிறகு ஒரு டாக்டரோ வங்கி ஊழியரோ பேசும் மூன்று நிமிடப் பேச்சைச் சைகையில் மாற்றட்டும், அதைப் பார்த்த காது கேளாதவர் தனக்கு என்ன புரிந்தது என்று திரும்பச் சொல்லட்டும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். படிப்பில் சேர வருகிறவர்கள் இதைப் பிழையில்லாமல் செய்துவிட மாட்டார்கள், நானும் செய்ய மாட்டேன். யார் எங்கே தடுமாறுகிறார், தடுமாறினால் ஒப்புக்கொள்கிறாரா மழுப்புகிறாரா என்பது தெரிந்துவிடும்.

தேர்வுக் குழுவில் பாதிப் பேராவது சைகை மொழியில் வளர்ந்த காது கேளாதவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது தென் மாவட்டச் சைகை வழக்கு அறிந்தவராக இருக்கட்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள்.

கோடா என்பதற்காகத் தரும் வகுப்பு விலக்குகள் இரண்டையும் ரத்து செய்யுங்கள். 300 சொல் ஆங்கிலக் கட்டுரைக்குப் பதிலாகவோ கூடவோ, ஐந்து நிமிடச் சைகைக் காணொளியை ஏற்றுக்கொள்ளுங்கள். தலைப்பிலிருந்து ‘சேவை’யை எடுத்துவிடுங்கள்.

சேர்க்கைக்குக் கடைசி நாள் இந்த மாதம் 30. அதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். சைகை மொழிக் காணொளியாகவும் வெளியிடுங்கள். இந்த மடலை நான் வரி வரியாக அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அம்மா ஆபரேஷன் பற்றிய பகுதியை இரண்டு முறை சொல்லச் சொல்லிவிட்டு, எழுது, அனுப்பு என்றார். உங்கள் பதிலை என் வழியாக இல்லாமல் அவர்களே நேரில் பார்க்க விரும்புகிறார்கள்.

இப்படிக்கு,
இந்த ஆண்டின் விண்ணப்பதாரர் ஒருத்தி,
பாளையங்கோட்டை